அரைக்குடத் தண்ணீரும் அண்ணன் கல்யாண மேடையும்

கேள்வி: ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம். மதுரையில் மண்டபம். முதல் நாள் சாயங்கால வரவேற்பில் தங்கச்சி நான்தான் பேச வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். சின்ன வயதில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி, மதினியை வரவேற்றுவிட்டு இறங்க ஆசை. சித்திரைத் திருவிழாவில் நான் தொலைந்து போய் அண்ணன் தேடிப் பிடித்ததைச் சொல்லலாமா? எப்படி எழுதுவது?

பதில்:

சொல்லலாம். ஆனால் எழுத உட்காரும் முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லி முடித்ததும், அண்ணனைப் பற்றி மதினிக்கு இதுவரை தெரியாத ஏதாவது தெரிந்திருக்குமா? நாளைக்கு ஒரே வீட்டில் வாழும்போது அவருக்குக் கைகொடுக்கிற மாதிரி ஒன்று? தெரிந்திருக்கும் என்றால் அந்த நினைவு மேடைக்கு ஏற்றது. இல்லை என்றால், அது எவ்வளவு நல்ல நினைவாக இருந்தாலும் உங்களுக்கும் அண்ணனுக்கும் மட்டும் சொந்தமானது. வீட்டில் வைத்துப் பேசிச் சிரிக்கலாம், மேடைக்கு வேண்டாம்.

பதினாறு வருடமாக மதுரையிலும் சுற்றுப்பக்க ஊர்களிலும் கல்யாண வரவேற்புகளில் மேடைத் தொகுப்பு செய்கிறேன். அக்காமார், தங்கச்சிமார் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன், பலருக்கு எழுதவும் உதவியிருக்கிறேன். அவர்கள் பேசும்போது என் கண் பேசுகிறவரைவிடப் புதுப்பெண்ணின் முகத்தில்தான் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், புதுப்பெண் மட்டும் மரியாதைக்கு உதட்டை விரித்துக்கொண்டு நிற்கிறார் என்றால் அந்தப் பேச்சு தவறிப்போயிற்று என்று அர்த்தம். வரவேற்க வந்த பேச்சு, அவருக்குத் தெரியாத ஒரு வீட்டின் கதவை அவர் முன்னாலேயே சாத்திவிட்டது. பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நினைவு ஒரு பகுதி, வரவேற்பு ஒரு பகுதி என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதால் வருகிற கோளாறு அது. மூன்று நிமிடம் அண்ணன் கதை, கடைசி அரை நிமிடத்தில் "எங்கள் வீட்டுக்கு விளக்கேற்ற வந்த மதினியை வருக வருக என வரவேற்கிறேன்". இரண்டுக்கும் நடுவே ஒட்டே இருக்காது.

உங்கள் திருவிழா நினைவுக்கு வருகிறேன். மதுரையில் பேச வருகிற பாதிப் பேருக்கு இந்த நினைவு இருக்கிறது, ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் ஒரு தடவையாவது தொலைந்தவர்கள்தான். கூடவே, அழகர் தங்கச்சி மீனாட்சியின் கல்யாணத்துக்குக் கிளம்பி வந்து, கல்யாணம் முடிந்துவிட்டது தெரிந்ததும் ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிய கதையையும் சேர்த்துவிடுவார்கள். ஊரே அண்ணன் தங்கச்சி கதையில்தான் திருவிழா கொண்டாடுகிறது, ஆசை வருவது இயல்புதான். ஆனால் அது தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன் வருகிற கதை. பெண்ணின் அண்ணன் பேசினால் அழகாகப் பொருந்தும். மாப்பிள்ளையின் தங்கச்சி எடுத்தால் தலைகீழாக நிற்கும். ஆகவே அழகரைப் பெண்ணின் அண்ணனுக்கே விட்டுவிடுங்கள்.

தொலைந்ததைச் சொல்லும்போது இன்னொரு சிரமம், கூட்டமும் பயமும் அழுகையும் பேச்சை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அண்ணன் கடைசியில் வந்து கையைப் பிடிக்கிற ஆளாக மட்டும் நிற்பார். எந்த அண்ணனும் அதைச் செய்வான். ஆகவே தொலைந்ததைச் சொல்லாமல், கிடைத்ததற்கு அடுத்த ஒரு நிமிடத்தை யோசியுங்கள். கண்டதும் அடித்தாரா? கோபத்தில் பேசாமல் வந்தாரா? அப்பாவிடம் சொல்லாதே என்றாரா, தானே பழியை ஏற்றுக்கொண்டாரா? உங்களைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதாரா? அந்த ஒரு நிமிடத்தில்தான் உங்கள் அண்ணன் மட்டுமே இருக்கிறார். அது உங்களுக்குத் தெளிவாக நினைவிருந்தால் எடுங்கள். நினைவில் இல்லை என்றால் வேறு தேடுங்கள்.

எங்கே தேடுவது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். போன வருடம் வைகாசியில், திருமங்கலம் பக்கத்துப் பெண் ஒருத்தி அண்ணன் வரவேற்பில் பேசுவதற்கு என்னிடம் வந்தாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். வரும்போதே நோட்டில் ஆறு நினைவுகளை எழுதிக்கொண்டு வந்தாள். சைக்கிளில் விழுந்தது, பரீட்சையில் காப்பாற்றியது, கல்லூரிக்குப் பணம் கட்டியது என்று எல்லாமே பெரிய சம்பவங்கள். ஆறையும் கேட்டேன். எதிலும் அண்ணன் முகம் தெரியவில்லை. நல்ல அண்ணன் என்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

நோட்டை மூடச் சொல்லிவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் சின்ன வயசுல தினமும் சேர்ந்து செஞ்ச வேலை என்ன?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் எல்லாரிடமும் கேட்பேன். ஒரு நாள் நடந்த சம்பவத்தில் யாரும் பெரிய ஆளாக நடந்துகொள்ள முடியும். நித்தமும் செய்கிற வேலையில்தான் குணம் தெரியும். கடைக்குப் போவது, ஆட்டைப் பிடித்துக் கட்டுவது, தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்வது, ஒரே போர்வையில் தூங்குவது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணி எடுக்கப் போவோம். வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

2003, 2004 வாக்கில் தமிழ்நாடு முழுக்க மழை பொய்த்திருந்த சமயம். அவளுக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். "எந்தக் குடம், என்ன நிறம்?" என்றேன். அவன் கையில் நீலக் குடம், அவள் கையில் சின்னப் பச்சைக் குடம். "நிறைய எடுத்துட்டு வருவியா?" என்றேன். அங்கேதான் அவள் நிறுத்தினாள். பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் பத்துப் பதினைந்து கிலோ கனக்கும், எட்டு வயசுப் பிள்ளை இடுப்பில் அது நிற்காது. "இல்லக்கா, அண்ணன் ஒண்ணு செய்வான்" என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். அது என்ன என்பது கீழே பேச்சிலேயே வருகிறது.

கேட்டதும் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அப்படியே மேடையில் சொன்னால் ஒரு ஆபத்து இருந்தது. அந்த நினைவில் அம்மா மகனை வைகிறார். முதலில் எழுதிய வரைவில் "தடிமாடு மாதிரி இருந்துக்கிட்டு" என்று அம்மா வைத வார்த்தை அப்படியே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பெண் வீட்டார் எப்படிக் கேட்பார்கள்? நாளைக்கு மாமியாராகப் போகிறவர் பெற்ற பிள்ளையையே இப்படி வைதால், வருகிற பெண்ணை என்ன சொல்வாரோ என்றுதான் அவர்கள் மனதில் ஓடும். மேடையில் நிற்பது உங்கள் நினைவு, ஆனால் அதற்குள் இருக்கிற ஒவ்வொரு ஆளையும் அன்று முதன்முதலாகப் பார்க்கிற கூட்டம் ஒன்று எதிரே உட்கார்ந்திருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே அம்மாவிடம் போய் இதை அப்படியே சொல்லி, மேடையில் சொல்லலாமா என்று கேட்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் போன் செய்தவள் குரலே மாறியிருந்தது. அம்மாவுக்கு அத்தனை நாளும் விஷயம் தெரிந்தே இருந்திருக்கிறது. அம்மா சொன்ன அந்த இரண்டு வரிதான் பேச்சைத் தூக்கி நிறுத்தியது. அதற்குப் பிறகு அம்மா வைகிற ஆளாக இல்லை, எல்லாம் தெரிந்தும் மகன் வாய் திறக்கக் காத்திருந்தவராகத் தெரிந்தார். நம் நினைவு எப்போதும் நாம் நின்ற இடத்திலிருந்து பார்த்ததுதான். அதில் இருக்கிற இன்னொருவரிடம் கேட்டால், நமக்குத் தெரியாத பாதி பெரும்பாலும் அவரிடம் இருக்கும்.

அண்ணனிடமும் கேட்கச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்குடி சொல்றே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டானாம். அது சம்மதம்தான். முகம் சுருங்கி "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அந்தக் கணமே விட்டிருப்போம். வறுமை, வேலை இல்லாமல் இருந்தது, படிப்பு நின்றது, நோய் இதெல்லாம் அவரவர் சொன்னால்தான் உண்டு. பழைய காதல் விஷயத்தைக் கேலியாகக்கூடத் தொடக் கூடாது.

அவள் மேடையில் பேசியது இதுதான். பேச்சு வழக்கில் எழுதி, அப்படியே பேசினாள்:

"எல்லாருக்கும் வணக்கம். நான் மாப்பிள்ளையோட தங்கச்சி.

எனக்கு அப்ப எட்டு வயசு, அண்ணனுக்குப் பதினொண்ணு. எங்க தெருவுல ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வரும். விடியக்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் நானும் அவனும் குடத்தைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிருவோம். அவன்கிட்ட பெரிய நீலக் குடம். என்கிட்ட சின்னப் பச்சைக் குடம்.

குடம் நிறைஞ்சா என்னால தூக்க முடியாது. அதனால எனக்கு அண்ணன் பாதிதான் பிடிச்சுக் குடுப்பான். அவன் குடத்துல கழுத்து வரைக்கும் பிடிச்சுக்குவான். மாவு மில்லு முக்கு வரைக்கும் அப்படியே நடப்போம். முக்கு வந்ததும் என் குடத்தைக் கீழ வைக்கச் சொல்லுவான். அவன் குடத்துலருந்து என் குடத்துல ஊத்துவான், நிறைய ஊத்துவான். அங்கருந்து எங்க வாசலுக்குப் பத்து எட்டுதான். அந்தப் பத்து எட்டு மட்டும் நான் நிறைகுடத்தோட போவேன்.

அம்மா வாசல்ல நிப்பாங்க. 'சின்னவ நிறையக் கொண்டு வர்றா, பெரியவன் நீ அரைக்குடம் கொண்டு வர்றியேடா'ன்னு அவனைத்தான் வைவாங்க. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். நானும் சொல்லல. ரெண்டு வருசம் அவன் வசவு வாங்குனான், நான் நல்ல பேரு வாங்குனேன்.

போன மாசம்தான் அம்மாகிட்ட இதைச் சொன்னேன். அம்மா சிரிச்சாங்க. 'எனக்குத் தெரியாதாடி? நீங்க வந்தப்பறம் போய்ப் பார்த்தா மில்லு முக்குல தண்ணி சிந்திக் கெடக்கும். அவனா வாயத் தொறந்து சொல்றானான்னு பார்த்தேன். கடைசி வரைக்கும் சொல்லலையே'ன்னாங்க.

மதினி, இது உங்களுக்காகத்தான் சொன்னேன். இவன் கையில எப்பவாவது அரைக்குடம் இருந்துச்சுன்னா, மிச்சத்தை எங்கயோ ஊத்திட்டு வந்திருக்கான்னு அர்த்தம். கேட்டாலும் சொல்ல மாட்டான். முக்குல ஈரம் இருக்கான்னு நீங்கதான் பார்த்துக்கணும்.

அத்தை, மாமா, உங்க பிள்ளைக்கு இம்புட்டு நாளா கனம் தெரியாம நீங்க சுமந்திருப்பீங்க. எங்களுக்கு அது தெரியும்.

மதினி, எங்க வீட்ல உங்களுக்கு எந்தக் குடம் கனத்தாலும் என்கிட்ட சொல்லுங்க. இத்தனை நாளா எனக்கு ஊத்துனவன் அவன். உங்களுக்கு ஊத்த வேண்டியது நான். வாங்க மதினி."

அவ்வளவுதான். நிதானமாகப் பேசி மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. வரவேற்பு மேடையில் நான்கு நிமிடத்துக்கு மேல் எந்தக் கூட்டமும் நிற்காது, ஆகவே இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பாசம், தியாகம், பொறுப்பு என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? முதல் வரைவில் மூன்றும் இருந்தன. "என் அண்ணன் தியாகத்தின் உருவம்" என்ற வரியை அடிக்கச் சொன்னபோது அவளுக்கு மனமே வரவில்லை. குடத்திலிருந்து குடத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லை நாம் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்தால், பார்த்ததையும் மறந்துவிட்டு அந்தச் சொல்லைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். எழுதி முடித்ததும் குணத்தைப் புகழ்கிற எல்லாச் சொல்லையும் வட்டம் போட்டுப் பாருங்கள். அவற்றை எடுத்த பிறகும் நினைவு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அப்படியே விடுங்கள். சரிந்தால் சொல்லைத் திரும்பச் சேர்க்காமல், இன்னொரு விவரத்தைத் தேடுங்கள். மாவு மில் முக்கு அப்படித் தேடி வந்ததுதான். முதலில் "வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்று எழுதியிருந்தாள். "கொஞ்சம் முன்னாடின்னா எங்க?" என்று கேட்டதும் மாவு மில் வந்தது. அது வந்த பிறகுதான் அம்மா அங்கே ஈரத்தைப் பார்க்க முடிந்தது, மதினியிடம் "முக்குல ஈரம்" என்று சொல்லவும் முடிந்தது.

வேறொன்றையும் வெட்டினோம். கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் குடத்துக்குள் மோதிரம் தேடுகிற விளையாட்டு நம் பக்கம் உண்டல்லவா? அதையும் சேர்த்து, "நாளைக்கு மோதிரத்தையும் உங்க கையிலதான் விட்டுருவான் பாருங்க" என்று அவள் எழுதியிருந்தாள். நல்ல வரிதான், கைதட்டலும் வாங்கியிருக்கும். ஆனால் குடம் இரண்டாகிவிடும். ஒன்று தண்ணீர்க் குடம், ஒன்று விளையாட்டுக் குடம். கேட்கிறவர் மனது இரண்டாவதுக்குத் தாவிவிட்டால் "கனத்தாலும் என்கிட்ட சொல்லுங்க" என்ற வரி விழாது. ஒரு நினைவு என்று முடிவு செய்தால், அதிலிருக்கிற பொருளும் ஒன்றாகவே இருக்கட்டும். உங்கள் நினைவில் சைக்கிள் இருந்தால் கடைசி வரைக்கும் சைக்கிள், போர்வை என்றால் போர்வை. வரவேற்கிற வரி அந்தப் பொருளிலிருந்தே வர வேண்டும்.

வரவேற்பைப் பற்றித்தான் எனக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எங்க அண்ணனை நல்லாப் பார்த்துக்கங்க மதினி" என்று கண் கலங்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சொல்கிறவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் ஐந்நூறு பேர் முன்னால், இன்னும் தாலிகூட ஏறாத ஒரு பெண்ணின் தலையில் வேலையை ஏற்றுகிற வாக்கியம் அது. "இனிமே இவர் உங்க பொறுப்பு", "எங்க அம்மாவுக்கு நீங்கதான் மக" என்பதும் அதே கணக்குத்தான். அந்தப் பெண் தன் வீட்டை, தன் அறையை, தன் அம்மாவை விட்டுவிட்டு வருகிறார். வரவேற்கிறவர்கள் ஏதாவது தர வேண்டிய நேரம் அது, கேட்கிற நேரம் அல்ல. ஆகவே நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லுங்கள், அதுவும் செய்யக்கூடியதாக இருக்கட்டும். இந்தப் பெண் சொன்னது அதைத்தான், "உங்களுக்கு ஊத்த வேண்டியது நான்". நம் பக்கம் பல வீடுகளில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மிச்ச முடிச்சுகளை நாத்தனார்தான் போடுகிறாள். மறுநாள் காலையில் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் நிற்கப் போகிற கை உங்களுடையது. அந்தக் கைக்குரியவள் முதல் நாள் மாலையில் ஒரு வாக்குக் கொடுத்தால் அதற்கு எடை உண்டு.

பெண்ணின் அப்பா அம்மாவை ஒரு வரியிலாவது தொடுங்கள். உங்களுக்கு அவர்கள் அத்தை, மாமா. அந்த முறை வைத்தே கூப்பிடுங்கள், "பெண் வீட்டார்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நகை, சீர், படிப்பு, சம்பளம், நிறம் எதையும் பாராட்டாகக்கூடச் சொல்ல வேண்டாம். அதில் ஒன்றைச் சொன்னால் சொல்லாமல் விட்ட இன்னொன்றைக் கணக்குப் போட ஆள் இருக்கிறது. அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்கிற பேச்சும் வேண்டாம்.

மதினியை எப்படிக் கூப்பிடுவது என்பதை முன்கூட்டியே அவரிடமே கேட்டுவிடுங்கள். மதினி என்பது நம் பக்கத்துச் சொல். வெளியூர்ப் பெண்ணாக இருந்தால் அண்ணி என்றுதான் பழகியிருப்பார், மேடையில் முதன்முதலாக மதினி என்று கேட்டால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே சட்டென்று தோன்றாது. பெயரையும் சேர்த்து ஒரு தடவை சொல்லுங்கள். மேலே உள்ள பேச்சில் அவள் அந்த இடத்தில் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மதினி என்றாள். அப்புறம், அண்ணனை அவன் என்பதா அவர் என்பதா என்ற கேள்வி வரும். வீட்டில் எப்படியோ அப்படியே இருக்கட்டும். ஒரு மாலைக்கு மட்டும் அவர் என்று மாற்றினால் நடுவில் அவன் என்று நழுவும், நழுவினால் தடுமாறுவீர்கள். பெரியவர்கள் மனம் கோணுவார்கள் என்று தோன்றினால் "அண்ணன், அண்ணன்" என்றே முழுக்கச் சொல்லிவிடலாம்.

மேடையில் எப்போது பேசுவது என்பதை மண்டபத்துக்குப் போன பிறகு முடிவு செய்யாதீர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறிக் கொஞ்ச நேரத்தில் பரிசு கொடுக்கவும் போட்டோவுக்கும் வரிசை நிற்க ஆரம்பித்துவிடும். வரிசை நின்றுவிட்டால் அதை யாராலும் நிறுத்த முடியாது. இன்னொரு பக்கம் முதல் பந்திக்கு ஆள் எழுந்துவிடும். ஆகவே இருவரும் மேடை ஏறிப் பத்து நிமிடத்துக்குள், வரிசை சேருவதற்கு முன்னால் பேசிவிடுவது நல்லது. கச்சேரி இருந்தால் முதல் பாட்டுக்கும் இரண்டாவது பாட்டுக்கும் நடுவே இடம் கேளுங்கள். தொகுப்பாளரிடமும் வீடியோக்காரரிடமும் காலையிலேயே சொல்லிவைத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முகூர்த்தம் முடிந்து பேசலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அந்த நேரத்தில் எல்லாருக்கும் சடங்கும் சாப்பாடும் மொய்யும்தான் கண்ணில் நிற்கும்.

மைக்கில் ஒரே ஒரு விஷயம். பாட்டுக்காக மைக்செட்காரர் எக்கோ வைத்திருப்பார். அதிலேயே பேசினால் ஒவ்வொரு வார்த்தையின் வாலும் அடுத்த வார்த்தை மேல் ஏறிக்கொள்ளும், பின்வரிசைக்கு இரைச்சல்தான் போகும். "வணக்கம்" என்று சொன்னதும் கடைசி எழுத்து உங்களுக்கே திரும்பிக் கேட்டால் எக்கோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். "அண்ணே, எக்கோவைக் கட் பண்ணிருங்க" என்று மைக்கிலேயே சொல்லலாம், தப்பில்லை.

போனைப் பார்த்துப் படிக்காதீர்கள். மேடை விளக்கு வெளிச்சத்தில் திரை தெரியாது, நடுவில் அணைந்தும் போகும். அரைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு பத்திக்கும் நடுவே இடம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேசுகிற மாதிரியே எழுதுங்கள். "நடந்துகொண்டிருந்தோம்" என்று எழுதிவிட்டு மேடையில் "நடந்துக்கிட்டு இருந்தோம்" என்று மாற்றப் பார்த்தால் அங்கேதான் நாக்கு குழறும். வீட்டில் மூன்று தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், யாராவது ஒரு வெளியாள் கேட்கட்டும். மனப்பாடம் வேண்டாம். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் தாளைப் பார்க்காமல் வர வேண்டும்.

அழுகை வரும். வீட்டில் சொல்லிப் பார்க்கும்போதே எந்த வரியில் தொண்டை அடைக்கிறது என்று தெரிந்துவிடும், மேடையிலும் அதே வரியில்தான் அடைக்கும். இந்தப் பெண்ணுக்கு "நானும் சொல்லல" என்ற இடத்தில் அடைத்தது. அந்த வரிக்கு முன்னால் தாளில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். கோடு வந்ததும் நிறுத்தி ஒரு மூச்சு வாங்கிக்கொள், அண்ணனைப் பார்க்காதே, மதினியைப் பார் என்றேன். அண்ணன் முகத்தைப் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதுவிடுவார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவள் அப்படியே செய்தாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, நிற்கவில்லை. "முக்குல ஈரம் இருக்கான்னு நீங்கதான் பார்த்துக்கணும்" என்றபோது புதுப்பெண் சட்டென்று மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே முதல் வரிசையில் பெண்ணின் அம்மா பக்கத்திலிருந்த சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

உங்களுக்கு ஆவணி வரைக்கும் நேரம் இருக்கிறது. எழுதுவதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அம்மா காய் நறுக்கும்போதோ, ராத்திரி சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போதோ பக்கத்தில் போய் உட்கார்ந்து, திருவிழாவில் நீங்கள் கிடைத்த அன்று அண்ணன் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தான் என்று மட்டும் கேளுங்கள். நோட்டு, போன் எதுவும் கையில் வேண்டாம். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, அப்புறம் எனக்கு எழுதுங்கள்.